டிக்கெட்டில் ஏற வேண்டிய நான்கு எழுத்து: காது மந்தமானவர்களும் பார்வை குறைந்தவர்களும் விமானம் ஏறுமுன்

விமானத்திலிருந்து வெளியே காலடி வைத்ததும் வாசலில் ஒருவர் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். அவர் கையிலிருந்த தாளில் என் அண்ணனின் பெயர். அண்ணனுக்குக் கால்களில் எந்தக் குறையும் இல்லை, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறவர். அவருக்குக் காதுதான் கேட்காது. இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறார். சத்தமான இடத்தில் அதுவும் கைகொடுக்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். வந்தவர் முகக்கவசம் அணிந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அண்ணன் கையை ஆட்டி ஆட்டி மறுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கோ பார்வை வட்டம் சுருங்கிவிட்டது. நேரெதிரே ஒரு தட்டளவு தெரியும், வெளிச்சம் குறைந்தால் அதுவும் போய்விடும். கையைப் பிடித்து அடுத்த விமானத்துக்குக் கொண்டுபோய் விட ஆள் வேண்டியவள் நான்தான். அந்தத் தாளில் என் பெயரே இல்லை.

நாங்கள் இருவரும் முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தோம். சொன்னது எங்கே தொலைந்தது என்று பிறகு தேடியபோதுதான் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பது எனக்கு விளங்கியது. முதன்முறை பயணம் போகிறவர்கள் அதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எழுத்துகள்

நீங்கள் விமான நிறுவனத்திடம் உதவி கேட்டால், அது உங்கள் முன்பதிவுப் பதிவேட்டில் நான்கெழுத்துக் குறியாக ஏறுகிறது. உலகம் முழுக்க நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே குறிகளைத்தான் பயன்படுத்துகின்றன. காது கேட்பதில் குறை உள்ளவருக்கு `DEAF`. பார்வையில் குறை உள்ளவருக்கு `BLND`. நடக்க முடியும், படியும் ஏற முடியும், ஆனால் விமான நிலையத்தின் நீண்ட தூரத்தைக் கடக்க நாற்காலி வேண்டும் என்பவருக்கு `WCHR`. வரவேற்று அழைத்துப்போக ஓர் ஆள் போதும் என்றால் `MAAS`.

இதில் பலர் தயங்கும் இடம் ஒன்று உண்டு. "நான் முழுக்கப் பார்வையில்லாதவள் இல்லையே, அந்தக் குறியை எப்படிக் கேட்பது?" என்று நானே இரண்டு முறை கேட்காமல் விட்டிருக்கிறேன். `BLND` என்பதில் குறைபார்வையும் அடக்கம். `DEAF` என்பதில் கருவி மாட்டிக் கொஞ்சம் கேட்பவரும் அடக்கம். நடுவில் "கொஞ்சம் தெரியும்" என்பதற்கென்று தனிக் குறி இல்லை. எவ்வளவு தெரியும், எவ்வளவு கேட்கும் என்பதைக் குறிக்குப் பின்னால் வரும் விளக்க வரியில் எழுதச் சொல்லலாம். அந்த வரியை எழுதச் சொல்லவேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. என் பதிவில் இப்போது இருப்பது இப்படி:

```
SSR BLND XX HK1 LOW VISION CAN WALK NEEDS GUIDE NO WHEELCHAIR
```

`SSR` என்றால் தனிச் சேவைக் கோரிக்கை. `XX` இருக்கும் இடத்தில் அந்த நிறுவனத்தின் இரண்டெழுத்துக் குறி வரும். "நடப்பார், வழிகாட்ட ஆள் வேண்டும், நாற்காலி வேண்டாம்" என்று பச்சையாக எழுதியிருக்கிறது. இதை எழுதவில்லையென்றால் கடைசியில் வருவது நாற்காலிதான். விமான நிலையத்தில் உதவி என்றாலே நாற்காலி என்பது ஊழியர்களின் கைப்பழக்கம். தொலைபேசியில் பதிவு செய்பவரும் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று `WCHR` என்றே தட்டிவிடுவார். எங்கள் அண்ணனுக்கு நடந்ததும் இதுதான்.

நாற்காலியை ஏற்றுக்கொண்டால் ஆள் நிச்சயம் வருவார் என்று தெரிந்தே அதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் இழப்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். `WCHR` என்று மட்டும் இருந்தால், உங்களுக்கு அறிவிப்பு கேட்காது என்பதோ பாதுகாப்பு விளக்கப்படம் தெரியாது என்பதோ விமானத்துக்குள் இருக்கும் பணியாளர்களுக்குப் போய்ச் சேராது. அவர்கள் பட்டியலில் நீங்கள் கால் வலிக்காரர், அவ்வளவுதான்.

எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது

டிக்கெட் எடுக்கும்போதே சொல்வது நல்லது. பிந்தினாலும், புறப்படும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லிவிட வேண்டும். இந்த 48 சும்மா வந்த கணக்கல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை (எண் 1107) இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது: பயணி 48 மணி நேரம் முன் நிறுவனத்திடமோ பயண முகவரிடமோ சொல்ல வேண்டும், அவர்கள் அதை 36 மணி நேரம் முன்பாவது விமான நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், விமானம் புறப்பட்டதும், இறங்கப்போகும் நிலையத்துக்கு எத்தனை பேருக்கு உதவி வேண்டும் என்று நிறுவனம் தெரிவிக்க வேண்டும். அங்கே விமான நிலையத்துக்குள் கையைப் பிடித்து அழைத்துப் போகிறவர் நிலையத்தின் ஆள், விமானத்துக்குள் உதவுகிறவர் நிறுவனத்தின் ஆள். நீங்கள் ஒரே இடத்தில் சொன்னது இப்படி மூன்று கை மாறுகிறது. எந்தக் கையிலும் நழுவலாம். இந்த உதவிக்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் அந்த ஒழுங்குமுறை சொல்கிறது.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே வழிகாட்ட ஆள் கேட்பது போன்ற சாதாரண உதவிகளுக்கு முன்னறிவிப்பு கட்டாயமில்லை. ஆனால் பார்வை, கேட்டல் இரண்டிலும் கடுமையான குறை உள்ளவர் என்றால் 48 மணி நேர முன்னறிவிப்பை நிறுவனம் கேட்கலாம். கட்டாயமோ இல்லையோ, எங்கே போனாலும் நான் 48 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிடுவேன். திடீரென்று கேட்டாலும் மறுக்க மாட்டார்கள்தான், ஆனால் ஆள் வருவதற்குள் விமானம் போய்விடும்.

நேரடியாக நிறுவனத்திடமே சொல்லுங்கள். பயண இணையதளம் வழியாக டிக்கெட் எடுத்தால் அங்கே ஒரு பெட்டியில் டிக் அடித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முன்பதிவு எண்ணை வைத்துக்கொண்டு விமான நிறுவனத்தின் உதவிப் பிரிவைத் தனியாகத் தொடர்புகொள்ளுங்கள். காது கேட்காதவர்கள் மின்னஞ்சலையோ எழுத்து அரட்டையையோ பயன்படுத்தலாம். ஒருவகையில் அவர்களுக்குத்தான் இது வசதி, ஏனென்றால் கேட்டதும் பதிலும் எழுத்தில் கையில் இருக்கும். பேசி முடித்தவர்களும் அதே நாளில் "இன்று இன்னதைக் கேட்டேன், இப்படிப் பதிவு செய்வதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுவது நல்லது.

நோயின் பெயர், மருத்துவ வரலாறு எதையும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சிலர் `MEDIF` என்ற மருத்துவப் படிவத்தை நீட்டுவார்கள். அது பயணத்தால் உடல்நிலை மோசமாகக்கூடியவர்களுக்கானது. ஆண்டுக்கணக்காக ஒரே நிலையில் இருக்கும் காது மந்தத்துக்கும் குறைபார்வைக்கும் பொதுவாக அது தேவைப்படாது. "நிலையான குறைபாடு, சிகிச்சை எதுவும் நடக்கவில்லை" என்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்கக் கூடாது. விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், அது கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும்வரை விமானம் ஏறவே கூடாது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும், மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடலாம். அண்மையில் காதில் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே டிக்கெட் எடுக்க வேண்டும்.

பதிவாகிவிட்டதா என்று பார்ப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. பெரும்பாலோர் தாண்டிப்போவதும் இதைத்தான்.

நிறுவனத்தின் குறிக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்தைக் கவனியுங்கள். மேலே என் வரியில் `HK` என்று இருக்கிறது அல்லவா? உறுதியாகிவிட்டது என்று பொருள். `HN` என்றிருந்தால் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள், பதில் இன்னும் வரவில்லை. `UC` அல்லது `UN` என்றிருந்தால் முடியாது என்று வந்துவிட்டது. பயணியின் திரையில் இவை தெரியாது. ஊழியரின் திரையில் தெரியும். அதனால் "பதிவு செய்துவிட்டீர்களா?" என்று கேட்காதீர்கள், "செய்துவிட்டோம்" என்றுதான் பதில் வரும். "ஒவ்வொரு விமானத்துக்கும் நிலை `HK` என்று இருக்கிறதா?" என்று கேளுங்கள். எதிர்முனையில் இருப்பவர் ஒரு கணம் நின்று உண்மையிலேயே திரையைப் பார்ப்பார்.

"ஒவ்வொரு விமானத்துக்கும்" என்று ஏன் சொல்கிறேன் என்றால், குறி முன்பதிவு முழுவதற்குமாக ஏறுவதில்லை. ஒவ்வொரு பயணிக்கும், அவர் ஏறும் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக ஏறுகிறது. நாங்கள் இருவர், போகும்போது இரண்டு விமானம். ஆக நான்கு வரி இருக்க வேண்டும். திரும்பி வருவதையும் சேர்த்தால் எட்டு. அன்று எங்களுக்கு என்ன ஆனது தெரியுமா? பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால் முதல் விமானத்தின் நேரத்தை மாற்றி எங்களை வேறு விமானத்துக்கு நகர்த்தினார்கள். இருக்கை எண் மாறியதை மட்டும் மின்னஞ்சலில் சொன்னார்கள். பழைய விமானத்தில் இருந்த வரிகள் புதியதற்கு வரவில்லை. யாரோ ஒருவர் கையால் சரிசெய்யப் பார்த்து, அண்ணன் பெயரில் `WCHR` போட்டுவிட்டு என்னை மறந்துவிட்டார். இரண்டாவது விமானமோ கூட்டாளி நிறுவனத்துடையது. டிக்கெட்டில் முதல் நிறுவனத்தின் பெயர், பறப்பது இன்னொருவர். அங்கே எங்கள் கோரிக்கை `HN` என்றே கடைசிவரை கிடந்திருக்கிறது.

ஆகவே மூன்று சமயங்களில் திரும்பப் பாருங்கள். விமான நேரமோ எண்ணோ மாறியதாகச் செய்தி வந்தால் அன்றே பாருங்கள். கூட்டாளி நிறுவனம் இருந்தால், உண்மையில் விமானத்தை ஓட்டுகிற நிறுவனத்திடமும் ஒருமுறை கேளுங்கள். அவர்களுடைய முன்பதிவு எண் வேறாக இருக்கும், முதல் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்தின நாளும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம்தான்.

இருவர் சேர்ந்து போகும்போது இன்னொரு சிக்கலும் வரும். "உங்கள் அண்ணன்தான் கூட வருகிறாரே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?" என்பார்கள். அவர் என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவார், உண்மைதான். நான் அறிவிப்பைக் கேட்டு அவருக்குச் சொல்வேன், அதுவும் உண்மைதான். ஆனால் அவர் கழிப்பறைக்குப் போன ஐந்து நிமிடத்தில் கேட் மாறினால்? ஒருவர் இன்னொருவருக்குத் துணை என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். இருவர் பெயரிலும் தனித்தனிக் குறி இருக்கட்டும்.

இருக்கை

அவசர வழிக்குப் பக்கத்து வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள். அங்கே இருப்பவர் கதவைத் திறக்கவும், பணியாளர் சொல்வதைக் கேட்கவும், கையசைவைப் பார்க்கவும் முடிந்தவராக இருக்க வேண்டும். இணையத்தில் காசு கொடுத்து அந்த இருக்கையை எடுத்துவிட்டால் கடைசி நேரத்தில் மாற்றிவிடுவார்கள், அண்ணனோடு சேர்ந்து உட்காரும் இடமும் போய்விடும்.

ஒரு காது மட்டும் நன்றாகக் கேட்பவருக்கு ஒரு சின்னக் கணக்கு. நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானத்தில், முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் A, B, C இடப்பக்கம். D, E, F வலப்பக்கம். பணியாளர் நடைபாதையிலிருந்துதான் பேசுவார். இடது காது நன்றாகக் கேட்டால் D-யில் உட்காருங்கள், நடைபாதை உங்கள் இடப்புறம் வரும். வலது காது என்றால் C. எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் வரிசைகளில் இரைச்சலும் கொஞ்சம் குறைவு. உதடு பார்த்துப் புரிந்துகொள்பவருக்கும் நடைபாதை ஓரமே வசதி.

பார்வை குறைந்தவர்களில் சிலர் ஜன்னலோரத்தை விரும்புவார்கள், யாரும் தாண்டித் தாண்டிப் போக மாட்டார்கள் என்று. நான் முன் வரிசைகளில் நடைபாதை ஓரத்தையே கேட்பேன். கழிப்பறைக்கு எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ள எளிது.

விமான நிலையத்தில்

குறி ஏறியிருந்தாலும் ஒவ்வொரு கவுண்டரிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் இருக்கிறது. அமெரிக்க விதிகளின்படி, கேட் மாற்றம், தாமதம், ஏறும் நேரம், பெட்டி வரும் இடம் போன்ற தகவல்களை மற்றவர்களுக்குச் சொல்லும் அதே வேகத்தில் உங்களுக்கும் புரியும் வழியில் சொல்ல நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் தனக்கு அது தேவை என்று அந்த இடத்தில் இருக்கும் ஊழியரிடம் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். கேட்டில் நிற்பவர் நூற்றைம்பது பேர் கூட்டத்தில் அண்ணனின் காதுக்கருவியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

அண்ணன் செய்வது இதுதான். கேட்டுக்குப் போனதும் போர்டிங் பாஸைக் காட்டி, "எனக்குக் காது கேட்காது. அந்த இரண்டாவது இருக்கையில் இருக்கிறேன். ஏறும் நேரம் வந்தால் கையைக் காட்டுங்கள்" என்று சொல்வார். சொன்ன இடத்திலேயே, மேசையைப் பார்த்தபடி உட்காருவார். எழுந்துபோனால் திரும்பி வந்ததும் முகத்தைக் காட்டிவிட்டு உட்காருவார். ஊழியர் மாறினால் மறுபடி முதலிலிருந்து சொல்வார். நிறுவனத்தின் செயலியிலும் அறிவிப்பை அதிர்வோடு வரும்படி வைத்திருப்பார். செயலியை மட்டும் நம்பக் கூடாது, சில நேரம் அது கேட் மாறிப் பத்து நிமிடம் கழித்துத்தான் சொல்லும்.

பல நிலையங்களில் இப்போது பொது அறிவிப்புகளையே குறைத்துவிட்டார்கள். அமைதி நல்லதுதான், ஆனால் எல்லாம் திரைக்குப் போய்விட்டது. திரையோ ஆளுயரத்துக்கு மேலே, சின்ன எழுத்தில். அண்ணனுக்கு இது வரம், எனக்குத் தலைவலி. கைப்பேசிக் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது எனக்குக் கைகொடுக்கும். அதுவும் தெரியாதவர்கள் உதவி மேசையின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சில நிலையங்களில் கவுண்டரில் காதைப் போன்ற ஒரு படமும் அதன்மேல் T என்ற எழுத்தும் இருக்கும். காதுக்கருவியில் டெலிகாயில் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஊழியரின் குரல் சுற்று இரைச்சல் இல்லாமல் நேரே கருவிக்குள் வரும். கருவியில் அந்த வசதி இருந்தும் அதைத் திறந்தே வைக்காதவர்கள் உண்டு. பயணத்துக்கு முன் கருவி வாங்கிய இடத்தில் கேட்டுப்பாருங்கள்.

வழிகாட்ட வருபவரிடம் முதலிலேயே எப்படி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். "நான் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள், படி வந்தால் ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்லுங்கள்." இல்லையென்றால் அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போவார், அல்லது பின்னாலிருந்து தள்ளுவார். எங்காவது உட்கார வைத்துவிட்டுப் போகிறார் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள்: இது எந்த இடம், அடுத்து வருபவர் எத்தனை மணிக்கு வருவார், வராவிட்டால் நான் யாரைக் கூப்பிடுவது. ஒரு முறை கேட்காமல் விட்டு, ஒரு மணி நேரம் தவறான கேட்டின் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

பாதுகாப்புச் சோதனையில் காதுக்கருவியைக் கழற்ற வேண்டியதில்லை என்பதே பொதுவான நடைமுறை. கோக்லியர் கருவி பொருத்தியவர்கள் மருத்துவமனை கொடுத்த அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்; உலோகம் கண்டறியும் வாயில் சத்தம் போடலாம், கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். சோதிப்பவர் பின்னாலிருந்து பேசுவார், திரும்பி நிற்கச் சொல்வார். முதலிலேயே "முன்னால் வந்து சைகை காட்டுங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது. வெள்ளைக்கோலை எக்ஸ்ரே பெட்டியில் போட வாங்கினால், அந்த நேரத்துக்குக் கைபிடிக்க ஆள் கேளுங்கள். கருவிக்கான மாற்று லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது.

விமானத்துக்குள்

முதலில் ஏறிவிடுங்கள். அப்போதுதான் பணியாளருக்கு உங்களிடம் பேச நேரமிருக்கும். பார்வை குறைந்தவர் தனிப்பட்ட பாதுகாப்பு விளக்கம் கேட்கலாம். அவர்களே வந்து கொடுப்பார்கள். அப்போது கையால் தொட்டுக்காட்டச் சொல்லுங்கள்: பெல்ட்டின் கொக்கி, உயிர்காப்பு மேலாடை இருக்கும் இடம், முகமூடி எங்கிருந்து விழும், முன்னும் பின்னும் வாசலுக்கு எத்தனை வரிசை. என் வழக்கம், உட்காருமுன் வாசலிலிருந்தே இருக்கைகளின் மேல்முனையைத் தொட்டு எண்ணிக்கொண்டே வருவது. பணியாளரை அழைக்கும் பொத்தானையும் தொட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பல விமானங்களில் அது இப்போது தொடுதிரைக்குள் போய்விட்டது, தடவினால் தெரியாது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மடக்காத வெள்ளைக்கோலை மேல் பெட்டியில் வைக்கச் சொல்வார்கள், கையெட்டாத இடத்தில். அமெரிக்க விதியில், நடைபாதைக்குள் நீட்டாமல் தரையில் படுத்திருந்தால் இருக்கைகளுக்கு அடியிலோ, அவசர வழி அல்லாத ஜன்னல் இருக்கைக்கும் விமானச் சுவருக்கும் நடுவிலோ வைக்கலாம் என்று இருக்கிறது. மடக்குக் கோலாக இருந்தால் இந்தப் பேச்சே வராது.

காது கேட்காதவர் பணியாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: விமானி ஏதாவது முக்கியமாக அறிவித்தால் எனக்கு எழுதிக் காட்டுங்கள். ஒரு சின்னக் குறிப்பேடும் பேனாவும் நீட்டிவிடுங்கள். கைப்பேசியில் தட்டிக் காட்டச் சொல்வதைவிட இது நடக்கிறது.

பார்வை, கேட்டல் இரண்டும் கடுமையாகக் குறைந்தவர் தனியாகப் போகும்போது, பாதுகாப்பு விளக்கத்தைப் புரியவைக்க வழியில்லை என்று நிறுவனம் கருதினால் துணையாள் கேட்கலாம். அதனால் வழியை நீங்களே தயாராகக் கொண்டுபோங்கள்: உள்ளங்கையில் எழுத்து எழுதிக் காட்டுவது, பெரிய எழுத்து அட்டைகள், முதுகில் விரலால் X போட்டால் ஆபத்து என்ற ஏற்பாடு. 48 மணி நேர முன்னறிவிப்பின்போதே இதை எழுதி அனுப்பிவிட்டால் வாசலில் வாதாட வேண்டியிருக்காது.

விமானம் மாறும் இடம்

உதவி கேட்டவர்களைப் பெரும்பாலும் கடைசியாகத்தான் இறக்குவார்கள். எல்லாரும் இறங்கி முடிய இருபது நிமிடம், ஆள் வர இன்னும் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விற்கும்போது அவர்கள் காட்டும் குறைந்தபட்ச இடைவெளி ஓடக்கூடியவர்களுக்கானது. நான் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை எடுப்பதில்லை. அன்று எங்களுக்கு இருந்தது ஒரு மணி பத்து நிமிடம். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கேட் மாறிவிட்ட அறிவிப்பை நான் ஓட்டத்தில் கேட்டுச் சொன்னேன். அப்படியும் கதவை மூடிவிட்டார்கள்.

தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது பணியாளரைக் கூப்பிட்டு, "எனக்கு வழிகாட்ட ஆள் கேட்டிருக்கிறேன், கீழே சொல்லியாகிவிட்டதா?" என்று கேளுங்கள். ஆள் வராவிட்டால் விமானத்தை விட்டு இறங்காதீர்கள். உள்ளே இருக்கும்வரை உங்களை ஒப்படைக்க வேண்டிய பொறுப்பில் பணியாளர்கள் நிற்பார்கள். பாலத்தைத் தாண்டி நடைபாதையில் நின்றுவிட்டால் யாருக்கும் நீங்கள் யாரென்று தெரியாது. அன்று நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான்.

சொன்னது நடக்கவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள். அமெரிக்கா தொடர்பான பயணங்களில் ஒவ்வொரு நிறுவனமும் இதற்கென்றே புகார் தீர்க்கும் அதிகாரி ஒருவரை நேரிலோ தொலைபேசியிலோ வைத்திருக்க வேண்டும். `CRO` என்று கேட்டால் புரியும். மற்ற இடங்களில் பணிநேர மேலாளரைக் கேளுங்கள். பிறகு நிறுவனத்துக்கு எழுதும்போது கேட்ட தேதி, `HK` என்று உறுதிசெய்த தேதி, விமான எண், எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். அந்த முதல் மின்னஞ்சல் இங்கேதான் உதவும்.

இந்த முறை நானும் அண்ணனும் கிளம்பியபோது முந்தின நாள் மாலை எட்டு வரியையும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஏழில் `HK`. கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் அண்ணனுடையது மட்டும் `HN`. இன்னொரு அழைப்பு, பன்னிரண்டு நிமிடம், அதுவும் சரியானது. விமானம் மாறும் இடத்தில் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார், நாற்காலி இல்லாமல். அண்ணனுக்கு நேராக நின்று, முகக்கவசத்தை இறக்கி, அவர் பெயரை நிதானமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறீர்கள்?" என்றார்.